விளம்பர அறிக்கையும் பில் புத்தகமும்

கோவையில் ஒரு மரச்சாமான் கடை, இணைய விளம்பரத்துக்கு மாதம் 60,000 ரூபாய் செலவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாத முடிவில் ஏஜென்சியின் அறிக்கை வருகிறது. போன மாதம் 300 விசாரணைகள், இந்த மாதம் 240. ஒரு விசாரணைக்கு ஆன செலவு 200 ரூபாயிலிருந்து 250 ஆகிவிட்டது. கடைக்காரர் கோபப்படுவார்.

நல்ல அறிக்கை அடுத்த வரியையும் எழுதும். போன மாதம் விசாரித்தவர்களில் 12 பேர் வாங்கினார்கள். இந்த மாதம் 20 பேர். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன செலவு 5,000 ரூபாயிலிருந்து 3,000 ஆகியிருக்கிறது. விளம்பரத்தில் விலையைப் போட்டதும் சும்மா கேட்பவர்கள் ஒதுங்கிவிட்டார்கள் என்ற காரணத்தையும் அது சொல்ல வேண்டும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபேஸ்புக் 14 விற்பனை தன்னால் என்கிறது, கூகுள் 13 என்கிறது. கூட்டினால் 27, பில் புத்தகத்திலோ 20தான். இரண்டு விளம்பரத்தையும் தொட்டுவிட்டு வந்தவரை இரண்டுமே தன் கணக்கில் எழுதிக்கொள்கின்றன. பில் போடும்போது "எங்கே பார்த்து வந்தீங்க?" என்று கேட்டுக் குறித்தால் ஓரளவு தெளியும். 27 என்றே எழுதி அனுப்பும் ஏஜென்சியை நான் நம்பமாட்டேன்.

அடுத்த மாதத் திட்டம், "இன்னும் சிறப்பாகச் செய்வோம்" என்றிருந்தால் போதாது. கட்டில் விளம்பரத்திலிருந்து 10,000 ரூபாயைச் சோபாவுக்கு மாற்றுகிறோம். வாடிக்கையாளர் செலவு 4,000 ரூபாயைத் தாண்டினால் பழையபடி திருப்பிவிடுகிறோம் என்றிருக்க வேண்டும்.