பந்துக்கு இடம் கொடுங்கள்

கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவர், அது உள்ளங்கையில் பட்டதும் கைகளை உடம்பை நோக்கி இழுத்துக்கொள்வார். இதனால் பந்து நிற்க எடுக்கும் நேரம் கூடுகிறது, விசை குறைகிறது என்று பதினோராம் வகுப்பில் படிக்கிறோம். சரியான விடைதான். ஆனால் அந்தக் கூடுதல் நேரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பார்த்தால் பாடம் இன்னும் தெளிவாகும்.

ஒரு கிரிக்கெட் பந்தின் எடை ஏறத்தாழ 160 கிராம். அது மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று கொள்வோம். நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் உந்தம்: 0.16 × 25 = 4. பந்து கையில் நின்றுவிட்டால் உந்தம் பூஜ்யம். இந்த மாற்றத்துக்குப் பெயர்தான் கணத்தாக்கு. கையை விறைப்பாக வைத்திருந்தாலும் தளர்த்தி வைத்திருந்தாலும், பந்தை நிறுத்தக் கை கொடுத்தாக வேண்டிய கணத்தாக்கு அதே 4தான். பலர் தவறுவது இங்கேதான்: கையை இழுப்பதால் கணத்தாக்கு குறைவதில்லை, விசை மட்டுமே குறைகிறது. விசையை நேரத்தால் பெருக்கினால் 4 வரவேண்டும். நேரம் பத்து மடங்கானால், சராசரி விசை பத்தில் ஒரு பங்காகும்.

இனி நேரத்துக்கு வருவோம். பந்தின் வேகம் 25-இலிருந்து பூஜ்யத்துக்குச் சீராகக் குறைந்தால், அந்த இடைவெளியில் அதன் சராசரி வேகம் 12.5 மீட்டர். கை 5 சென்டிமீட்டர் மட்டுமே பின்வாங்கினால், பந்து 0.004 வினாடியில் நின்றாக வேண்டும். அப்போது கை தாங்கும் விசை 1000 நியூட்டன். கிட்டத்தட்ட 100 கிலோ எடையைத் தாங்குவது போன்றது. அதே கை 50 சென்டிமீட்டர் பின்வாங்கினால் நேரம் 0.04 வினாடி, விசை 100 நியூட்டன். ஆக, நேரத்தைத் தருவது தூரம். சில பயிற்சிக் கணக்குகளில் 0.1 வினாடி என்று கொடுத்திருப்பார்கள். இந்த வேகத்தில் அதற்கு 1.25 மீட்டர் தூரம் வேண்டும். அவ்வளவு தூரம் எந்தக் கையும் பின்வாங்காது!

பயிற்சியாளர்கள் கையை உடம்போடு ஒட்டி வைக்காதே, முன்னால் நீட்டி வை, முழங்கையைத் தளர்த்து என்று சொல்வது இதற்காகத்தான். பின்வாங்கும் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால்தான், பந்து பட்டதும் அதைப் பயன்படுத்த முடியும். விறைத்த கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பந்து வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் எகிறித் திரும்பினால், உந்தம் எதிர்த்திசைக்கு மாறிவிடுகிறது. மாற்றம் 4 அல்ல, 0.16 × 30 = 4.8. கையும் கூடுதலாக வலிக்கும், கேட்சும் போய்விடும்.

தரையில் குதிப்பதற்கும் இதே கணக்கு பொருந்தும். ஒரே ஒரு வித்தியாசம். 50 கிலோ எடையுள்ள மாணவி 80 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குதித்தால், தரையைத் தொடும்போது வேகம் வினாடிக்கு 4 மீட்டர், உந்தம் 200. முழங்காலை மடக்காமல் இறங்கி, உடல் 4 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால் ஆகும் நேரம் 0.02 வினாடி. உந்தத்தைப் போக்க மட்டும் 10,000 நியூட்டன் வேண்டும். அதோடு புவியீர்ப்பு அவரைத் தொடர்ந்து கீழே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே உடல் எடைக்கான 500 நியூட்டனையும் சேர்த்துத் தரை 10,500 நியூட்டன் தர வேண்டும். கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றையும் மடக்கி, உடலை 40 சென்டிமீட்டர் தாழவிட்டால் 1000 கூட்டல் 500, மொத்தம் 1500 நியூட்டன். தேர்வில் பலர் விட்டுவிடுவது அந்த 500-ஐத்தான்.

உயரம் தாண்டுபவர் முதுகில் விழுகிறார். முதுகை முழங்கால்போல மடக்க முடியாது. அந்தத் தூரத்தை மெத்தைதான் தர வேண்டும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி, முதுகைக் கீழே காட்டித் தாண்டும் தன் புதிய முறையில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். மணலுக்கும் மரத்தூளுக்கும் பதிலாகத் தடித்த நுரை மெத்தைகள் வந்திருந்ததால்தான் அப்படி விழுவது பாதுகாப்பாக இருந்தது.

நீங்கள் சரியாக இறங்குகிறீர்களா என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். முன்பாதம் முதலில் தொட்டு, குதிகால் படிந்து, முழங்கால் மடங்கினால் சத்தம் குறைவாக இருக்கும். 'தட்' என்று ஓங்கி ஒலித்தால், மிகக் குறைந்த தூரத்தில் நின்றிருக்கிறீர்கள் என்று பொருள். முழங்கால்கள் உள்நோக்கிச் சாயாமல் பாதத்துக்கு நேராக மடங்குகின்றனவா என்று தோழர் ஒருவரை முன்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். சாய்ந்தால், விசை குறைந்திருந்தும் அது மூட்டின் தசைநார்களைத் தவறான பக்கமாக இழுக்கும்.