ஓடினால் 10 ஆம்பியர், நின்றால் 50

கார் ரேடியேட்டரின் பின்னால் இருக்கும் விசிறி மோட்டாரை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் ஓடும் டிசி மோட்டார். சுற்றிலும் நிலைக்காந்தம், நடுவே செம்புக் கம்பி சுற்றிய ஆர்மேச்சர், அதற்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ். இதன் இரு முனைகளுக்கும் இடையே உள்ள மின்தடை 0.24 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி 12-ஐ 0.24-ஆல் வகுத்தால் 50 ஆம்பியர் வருகிறது. ஆனால் விசிறி ஓடும்போது ஒயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டினால் 10 ஆம்பியர்தான் காட்டும். மீதி 40 ஆம்பியர் எங்கே போனது? விசிறியைச் சேறோ துணியோ பிடித்து நிறுத்திவிட்டால், அதே மீட்டர் 50-ஐ நோக்கித் தாவுகிறது. அதாவது ஓம் விதி சொன்ன எண், மோட்டார் நின்ற பிறகுதான் வருகிறது.

(இந்த எண்கள் எந்த ஒரு கம்பெனியின் மோட்டாருக்கும் உரியவை அல்ல. இந்த அளவுள்ள மோட்டாருக்குப் பொருந்தும்படி, கணக்குப் போட வசதியாக எடுத்துக்கொண்டவை.)

இதைப் புரிந்துகொள்ள ஆர்மேச்சரில் இருக்கும் ஒரே ஒரு கம்பியைப் பார்த்தால் போதும். அச்சுக்கு இணையாக 6 செ.மீ. நீளத்துக்கு அது காந்தத்தின் எதிரில் கிடக்கிறது. மையத்திலிருந்து இரண்டரை செ.மீ. தள்ளி இருக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 2,550 சுற்று என்று விசிறி சுழன்றால், அந்தக் கம்பி விநாடிக்கு 6.67 மீட்டர் வேகத்தில் காந்தப்புலத்தை வெட்டிக்கொண்டு போகிறது. புலத்தின் வலிமை 0.4 டெஸ்லா.

கம்பி நகரும்போது அதற்குள் இருக்கும் எலக்ட்ரான்களும் கூடவே நகர்கின்றன. காந்தப்புலத்தில் நகரும் எந்த மின்னூட்டத்தின் மீதும் ஒரு விசை விழும். அது நகரும் திசைக்கும் புலத்துக்கும் செங்குத்தாக இருக்கும். கம்பி பக்கவாட்டில் போவதால் இந்த விசை கம்பியின் நீளவாட்டில் விழுகிறது, எலக்ட்ரான்களைக் கம்பி வழியாகத் தள்ளுகிறது. கம்பிக்குள்ளே ஒரு சின்ன பேட்டரி முளைத்த மாதிரிதான். இதைத்தான் பாடப்புத்தகங்கள் இயக்க மின்னியக்கு விசை என்கின்றன. அளவு காண மூன்றைப் பெருக்கினால் போதும்: புலம், நீளம், வேகம். 0.4 × 0.06 × 6.67 என்றால் 0.16 வோல்ட். ஒரு கம்பிக்கு இவ்வளவுதான். ஆனால் பிரஷ்ஷிலிருந்து பிரஷ்ஷுக்குப் போகும் ஒரு பாதையில், காந்தத்துக்கு எதிரே இப்படி 60 கம்பிகள் தொடராக இருந்தால் மொத்தம் 9.6 வோல்ட் ஆகிவிடும்.

இந்த 9.6 வோல்ட் எந்தப் பக்கம் தள்ளுகிறது? கம்பியில் கரண்ட் ஓடும் திசையை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டத்தின் மீது விழும் காந்த விசை, அந்தத் திசையிலிருந்து 90 பாகை திரும்பி, பக்கவாட்டில் இருக்கும். மோட்டாரைச் சுற்றவைப்பது இதுவே. கம்பி அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டதும், அந்த நகர்ச்சியின் மீதும் ஒரு காந்த விசை விழுகிறது. அது நகர்ச்சியிலிருந்து, அதே சுழிப்பில், இன்னொரு 90 பாகை திரும்பியிருக்கும். இரண்டு திருப்பங்களும் சேர்ந்தால் 180 பாகை. ஆகவே பின்னால் வந்த விசை, நாம் அனுப்பிய கரண்டுக்கு நேர் எதிர்த்திசையில்தான் நிற்க முடியும். எதிர் மின்னியக்கு விசை என்றும், ஒர்க்‌ஷாப்பில் பேக் இஎம்எஃப் என்றும் சொல்வது இதைத்தான். மோட்டாருக்கென்று யாரும் தனியாகச் சேர்த்துவைத்த ஒன்றல்ல. ஒரே விசை, எலக்ட்ரானின் இரண்டு நகர்ச்சிகளின் மீதும் விழுகிறது, அவ்வளவுதான்.

அந்த இரண்டு நகர்ச்சிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு வியப்பூட்டுவது. 10 ஆம்பியர் இரண்டு பாதைகளாகப் பிரிந்து, ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள கம்பியில் பாதிப் பாதியாக ஓடினால், கம்பி வழியே எலக்ட்ரான்கள் ஊரும் வேகம் விநாடிக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கம்பியோ அவற்றைப் பக்கவாட்டில் விநாடிக்கு ஆறரை மீட்டருக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடுகிறது.

இப்போது கணக்கு நேராகிவிடும். பேட்டரி 12 வோல்ட்டில் தள்ளுகிறது, சுழலும் கம்பிகள் 9.6 வோல்ட்டில் எதிர்க்கின்றன. மின்தடையின் பங்குக்கு மிஞ்சுவது 2.4 வோல்ட். அதை 0.24 ஓமால் வகுத்தால் 10 ஆம்பியர். ஓம் விதி எங்கேயும் பொய்க்கவில்லை. 12 முழுவதையும் மின்தடையின் தலையில் கட்டியதுதான் நம் தவறான கணக்கு.

எதிர்த்துத் தள்ளுகிறது என்றதும் அதை ஒரு இழப்பு என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் மோட்டார் செய்யும் வேலை முழுவதும் அங்கேதான் நடக்கிறது. பேட்டரி தருவது 12 × 10, அதாவது 120 வாட். கம்பியின் மின்தடையில் 2.4 × 10, அதாவது 24 வாட் வெப்பமாகிறது. மீதி 96 வாட், 9.6 வோல்ட்டை எதிர்த்து 10 ஆம்பியரைத் தள்ளச் செலவாகிறது. கம்பியின் மீது பக்கவாட்டில் விழும் விசையைக் கம்பியின் வேகத்தால் பெருக்கி, 60 கம்பிக்கும் இரண்டு பாதைக்கும் கூட்டிப் பாருங்கள். அதே 96 வாட் வரும். காரணம், காந்த விசை தானாக வேலை எதையும் செய்வதில்லை. எலக்ட்ரானை நீளவாட்டில் எவ்வளவு தடுக்கிறதோ, சரியாக அவ்வளவையே பக்கவாட்டில் கம்பிக்குக் கொடுக்கிறது. மின்சாரம் சுழற்சியாக மாறும் இடம் என்று ஒன்றைத் தொட்டுக் காட்டச் சொன்னால், நான் இதைத்தான் காட்டுவேன்.

(நுணுக்கமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆர்மேச்சர் கம்பிகள் இரும்பில் வெட்டிய பள்ளங்களுக்குள் பதிந்திருக்கும். அங்கே புலம் வலுக்குறைவாக இருப்பதால், தள்ளும் விசையில் பெரும்பகுதி பள்ளத்தின் ஓரத்து இரும்புப் பற்களில்தான் விழுகிறது. இருந்தாலும் காந்தத்துக்கும் ஆர்மேச்சருக்கும் இடையே உள்ள காற்றிடைவெளியின் புலத்தை வைத்துக் கணக்குப் போட்டால் வோல்ட்டும் விசையும் சரியாகவே வரும்.)

இனி விசிறி நின்றுவிட்டது. கம்பியின் வேகம் பூஜ்யம். புலம், நீளம், வேகம் என்ற பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். எதிர்ப்பு 9.6-லிருந்து ஒன்றுமில்லாமல் போகிறது. 12 வோல்ட்டும் 0.24 ஓமின் மேலேயே விழுகிறது, 50 ஆம்பியர் பாய்கிறது. நடைமுறையில் ஒயரிலும் பேட்டரிக்குள்ளும் கொஞ்சம் வோல்ட் இறங்குவதால் இது சற்றுக் குறையும். ஆனாலும் ஓடும்போது இருந்ததைப்போலப் பல மடங்குதான். அச்சை முறுக்கும் திருப்புவிசையும் ஐந்து மடங்காகிவிடும். ஆனால் அச்சு நகரவில்லை, ஆகவே வெளியே போகும் வேலை எதுவும் இல்லை. பேட்டரி தரும் 600 வாட்டும் மோட்டாருக்குள்ளேயே வெப்பமாகிறது. ஓடும்போது 24 வாட் வெப்பத்தைத் தாங்கிய கம்பிக்கு இப்போது 25 மடங்கு.

ஆர்மேச்சரில் 100 கிராம் செம்பு இருந்தால், 600 வாட் வெப்பம் அதை விநாடிக்குச் சுமார் 15 பாகை செல்சியஸ் சூடேற்றும். சூடாகச் சூடாகச் செம்பின் மின்தடை ஏறி, கரண்ட் கொஞ்சம் தணியும்தான். அப்படியும் பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் கம்பியின் மேல் பூசிய இனாமல் தாங்கக்கூடிய 155 பாகையை எட்டிவிடலாம். 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 50 ஆம்பியர் போனாலும் அது அந்தக் கணமே எரிந்துவிடாது. சில விநாடிகள், சில சமயம் அதற்கும் மேல் எடுத்துக்கொள்ளும். ஃபியூஸுக்கும் இனாமலுக்கும் இடையே நடக்கும் இந்தப் போட்டியில், அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று இன்னும் பெரிய ஃபியூஸைச் செருகினால் தோற்பது மோட்டார்தான். ஃபியூஸ் மீண்டும் மீண்டும் போனால், மாற்றுவதற்கு முன் இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, விசிறியைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் குற்றம் பேரிங்கிலோ சிக்கிய குப்பையிலோ இருக்கும்.

நின்றபடி எரிந்த டிசி மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால் அடையாளம் தெரியும். கம்யூட்டேட்டர் என்பது வட்டமாக அடுக்கிய செம்புத் துண்டுகள். மோட்டார் சுழலும்போது பிரஷ் எல்லாத் துண்டுகளின் மேலும் மாறி மாறி உரசுவதால் தேய்மானமும் நிறமும் எங்கும் ஒரே சீராக இருக்கும். நின்றுவிட்டால், அந்த நேரத்தில் பிரஷ்ஷின் கீழே அகப்பட்ட துண்டுகளில் மட்டுமே முழுக் கரண்டும் பாய்கிறது. பிரஷ்கள் நின்ற இடங்களில் மட்டும் துண்டுகள் கருகி, மற்றவை பளபளவென்று இருந்தால், மோட்டார் சுழலாமல் நின்று எரிந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இதை ஆபத்தில்லாமல் கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. பழைய பொம்மைக் காரின் சின்ன மோட்டாரையும் ஒரு டார்ச் பல்பையும் தொடராக இணைத்து, இரண்டு பேட்டரி செல்லில் கொடுங்கள். எல்ஈடி கூடாது, இழை உள்ள பழைய பல்பே வேண்டும். மோட்டார் தானாகச் சுழலும்போது பல்பில் வெளிச்சம் மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும். அச்சை இரண்டு விரலால் பிடித்து நிறுத்தினால் பல்பு பிரகாசமாகிறது, விட்டால் மறுபடி மங்குகிறது. மெல்ல அழுத்தி வேகத்தைக் குறைத்தால் வெளிச்சமும் மெல்ல ஏறுவதைப் பார்க்கலாம்.

ஸ்விட்சைப் போட்ட முதல் கணத்தில் எந்த மோட்டாரும் நின்ற மோட்டார்தான். அதனால்தான் ரேடியேட்டர் விசிறி கிளம்பும்போது ஹெட்லைட் ஒரு கணம் மங்குகிறது. விசிறி வேகம் பிடித்து எதிர் வோல்ட் வளர்ந்ததும் கரண்ட் தானே அடங்கிவிடும். பெரிய டிசி மோட்டாரில் அந்தக் கணத்தைக்கூட விட்டுவைக்க முடியாது. மெட்ராஸில் 1895 முதல் 1953 வரை ஓடிய மின்சார டிராம் போன்ற வண்டிகளில், ஓட்டுநர் கைப்பிடியைப் படிப்படியாகத் திருப்புவார். தொடக்கத்தில் மோட்டாரோடு தொடராகக் கூடுதல் மின்தடைகள் இருக்கும். வண்டி வேகம் பிடிக்கப் பிடிக்க, எதிர் வோல்ட் அந்த வேலையை ஏற்றுக்கொள்ள, மின்தடைகள் ஒவ்வொன்றாக விலக்கப்படும்.

நம் விசிறி மோட்டாரின் கணக்கை மறுபக்கமும் நீட்டலாம். கம்பியின் வேகம் விநாடிக்கு 8.33 மீட்டர் ஆனால், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 3,180 சுற்று ஆனால், எதிர் வோல்ட் சரியாக 12. அப்போது கரண்ட் பூஜ்யம். பாரம் எதுவுமில்லாத மோட்டாரின் வேகம் இந்த எல்லையை நெருங்கும், உராய்வு இருப்பதால் தொடாது. வெளியிலிருந்து எதுவோ தள்ளி அதையும் தாண்டச் செய்தால் எதிர் வோல்ட் பேட்டரியை மிஞ்சும், கரண்ட் திரும்பி பேட்டரிக்குள் பாயும், மோட்டார் டைனமோவாகிவிடும். ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது வேகமாகப் போகும் காரின் எதிர்காற்று விசிறியைச் சுற்றினாலும், அதன் முனைகளில் மீட்டரை வைத்தால் சில வோல்ட் இருக்கும்.