ஃபிரிட்ஜோட பக்கவாட்டு ஏன் இப்படிச் சுடுது?

போன எபிசோடுக்கு அப்புறம் சங்கரன்கோவில்ல இருந்து ஒரு அக்கா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. மே மாசத்துல அவங்க ஃபிரிட்ஜ் நிக்காம ஓடுதாம். பக்கவாட்டுல கை வைக்க முடியாத சூடு, இட்லி மாவு ரெண்டே நாள்ல புளிச்சுடுது. வந்து பார்த்த மெக்கானிக், "கேஸ் கம்மியாயிடுச்சு, நிரப்பணும்"னு சொல்லிட்டுப் போயிருக்கார். "கேஸ் எப்படித் தம்பி கம்மியாகும்? அது குளிர்ச்சியைத் தானே தருது, அப்புறம் ஏன் சுடுது?"ன்னு கேக்குறாங்க. ரெண்டும் சரியான கேள்வி.

முதல்ல ஒண்ணு. ஃபிரிட்ஜ் குளிர்ச்சியை உண்டாக்குறதில்ல. உள்ள இருக்குற சூட்டை எடுத்து வெளியில கொட்டுது, அவ்வளவுதான். மண்பானையும் இதே வேலையைத்தான் செய்யுது. பானையில கசியுற தண்ணி ஆவியாகும்போது, அதுக்கு வேண்டிய சூட்டைப் பானைக்குள்ள இருந்து எடுத்துக்குது. ஆனா அந்த ஆவி காத்துல போயிடும். ஃபிரிட்ஜ்ல அதே ஆவியைப் பிடிச்சு, திரும்பத் திரவமாக்கி, மறுபடி உள்ள அனுப்பணும்.

அதுக்கான சூட்சுமம் உங்க குக்கர்லயே இருக்கு. சாதாரணமா தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். குக்கருக்குள்ள அழுத்தம் கூடுறதால 120 டிகிரி பக்கம் போனாத்தான் கொதிக்கும். ஊட்டியில காத்தோட அழுத்தம் குறைவு, அதனால 93 டிகிரி பக்கமே கொதிச்சுடும், அரிசி வேகத்தான் நேரமாகும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைச்சா, ஒரு திரவம் எந்தச் சூட்டுல கொதிக்கணும்னு நாமளே முடிவு பண்ணலாம்.

இப்போ வர்ற பெரும்பாலான வீட்டு ஃபிரிட்ஜ்ல இருக்குறது ஐசோபியூட்டேன். சமையல் சிலிண்டர்ல இருக்குற கேஸோட சொந்தக்காரன்தான். மொத்தமே ஐம்பது கிராம் பக்கம் இருக்கும். ஃப்ரீசரைச் சுத்தி ஓடுற குழாய்ல இதோட அழுத்தத்தை, நம்மைச் சுத்தி இருக்குற காத்தோட அழுத்தத்தை விடக் கொஞ்சம் கம்மியா வெச்சிருப்பாங்க. அங்க அது மைனஸ் 20 டிகிரியிலயே கொதிக்கும். கொதிக்கிறதுக்கு வேண்டிய சூட்டை உங்க மாவுல இருந்தும், பால்ல இருந்தும் எடுத்துக்கும்.

அந்த ஆவியை கம்ப்ரஸர் உறிஞ்சி, கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு அழுத்தத்துக்கு அமுக்குது. சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அடிப்பக்கம் சுடுமே, அது மாதிரி ஆவியும் சூடாகும். இந்த அழுத்தத்துல அது 50 டிகிரி பக்கமே திரவமா மாறும். மாறும்போது உள்ள இருந்து எடுத்த சூட்டையெல்லாம் வெளியில விட்டுடும். பழைய ஃபிரிட்ஜ்ல இதுக்காகப் பின்னாடி கறுப்புக் கம்பி வலை தெரியும். புதுசுல பலதுலயும் அந்தக் குழாயைப் பக்கவாட்டுத் தகட்டுக்குள்ள மறைச்சுட்டாங்க. அதுதான் அக்கா கையைச் சுட்ட இடம். திரவமானது, உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு குழாய் வழியா நெருக்கிப் போய் அழுத்தத்தை இழந்து, மறுபடி ஃப்ரீசருக்கு வந்துடும்.

சரி, கேஸ் தீர்ந்துபோகுமா? போகாது. இது மூடின சுற்று. எங்கயாவது ஓட்டை விழுந்து கசிஞ்சாத்தான் குறையும். அப்படிக் கசிஞ்சிருந்தா உள்ள இருந்து எடுத்துவர சூடே குறைஞ்சுடும். கம்ப்ரஸர் ஓடும், ஆனா பக்கவாட்டு வெதுவெதுன்னு கூட இருக்காது. ஃப்ரீசர்ல ஒரு மூலையில மட்டும் பனி படியும். அக்கா வீட்டுல நேர் எதிர், பக்கவாட்டு கொதிக்குது. அதனால எனக்கு கேஸ் மேல சந்தேகமே இல்ல. ஒருவேளை கசிவுதான்னாலும் ஓட்டையை அடைக்காம நிரப்புனா அந்தக் காசும் சேர்ந்து கசியும்.

திரும்ப விசாரிச்சதுல, ஃபிரிட்ஜ் ஒரு பக்கம் சுவரோடயும் இன்னொரு பக்கம் பீரோவோடயும் ஒட்டி நிக்குதாம். மேல துணி வேற போட்டு மூடியிருக்காங்க. (நம்ம ஊர்ல ஃபிரிட்ஜுக்கும் சட்டை போடாம விடமாட்டோம்.) சூடு எப்பவும் சூடான இடத்துல இருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானா போகும். சமையலறை 38 டிகிரின்னா, 50 டிகிரி தகட்டுல இருந்து சூடு இறங்க வழி இருக்கு. ஆனா அந்தச் சந்துல மாட்டின காத்தே 46 டிகிரி ஆயிட்டா, தகடு அதுக்கும் மேல ஏறணும். கம்ப்ரஸர் இன்னும் பலமா அமுக்கணும், ஒவ்வொரு தடவையும் எடுத்துட்டு வர்ற சூடும் குறையும். அதான் நாள் பூரா ஓடியும் மாவு புளிக்குது.

அதனால முதல்ல பீரோவை நகர்த்துங்க, துணியை எடுங்க. ரெண்டு பக்கமும் கை தாராளமா நுழையணும். எத்தனை அங்குலம்னு கூட வந்த கையேட்டுல இருக்கும். அடுத்து, கதவு ரப்பர்ல ஒரு பத்து ரூபாய் நோட்டை வெச்சு மூடி இழுத்துப் பாருங்க. வழுக்கிட்டு வந்தா அந்த இடத்துல வெளிக்காத்து உள்ள போகுது. ரெண்டு நாள் விட்டுப் பாருங்க. அப்பவும் நிக்காம ஓடுனா, வேற மெக்கானிக்கைக் கூப்பிட்டு கம்ப்ரஸரையும் தெர்மோஸ்டாட்டையும் பார்க்கச் சொல்லுங்க.

கடைசியா அக்கா இன்னொண்ணும் கேட்டாங்க, வெயில் தாங்கலன்னா ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வெச்சா சமையலறை குளிருமான்னு. குளிராது, சூடாகும். 100 வாட் கரண்ட்ல ஓடுற ஃபிரிட்ஜ் உள்ள இருந்து 200 வாட் சூட்டை எடுக்குதுன்னு வைங்க, பக்கவாட்டுல வர்றது 300. எடுத்ததோட, செலவான கரண்டும் சேர்ந்து உங்க சமையலறைக்குள்ளதான் வந்து விழும்.