ரசமலாய்க்கு ஒரு மணி நேரம், பால்கோவாவுக்கு இரண்டு நாள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிலோ பால்கோவா வாங்கி, மே மாத வெக்கையில் இரவுப் பேருந்து ஏறி, மறுநாள் காலை சென்னையில் பெட்டியைப் பிரிக்கிறவர்கள் ஏராளம். கோவாவுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே சென்னையில் கல்யாணப் பந்தியில் ஐஸ் இல்லாமல் மூன்று மணி நேரம் இருந்த ரசமலாயை நான் தொடமாட்டேன். இரண்டிலும் இருப்பது பாலும் சர்க்கரையும்தான். வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது.

பால்கோவாவுக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை சேர்த்துக் கிண்டினால் ஏறக்குறைய 3 கிலோ கோவா இறங்கும். பாலில் கொழுப்பு, புரதம் எல்லாம் சேர்ந்த திடப்பொருள் ஒன்றேகால் கிலோ சொச்சம். சர்க்கரையோடு கூட்டினால் இரண்டரைக் கிலோ. ஆக, 3 கிலோ கோவாவில் மிஞ்சியிருக்கும் தண்ணீர் அரைக் கிலோதான். அந்த அரைக் கிலோவிலும் பெரும்பகுதியைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்ளும். கிருமி பெருகத் தேவையான தண்ணீர் அதற்குக் கிடைப்பதில்லை. விறகடுப்பில் கையோயக் கிண்டுவது ருசிக்காக மட்டுமல்ல என்பது இந்தக் கணக்கில் தெரியும். இளக்கமாக, பளபளவென்று சீக்கிரம் இறக்கிய கோவாவுக்கு ஆயுளும் குறைவு.

ரசமலாய் இதற்கு நேரெதிர். பாலைத் திரித்து எடுத்த சன்னாவை உருட்டி, சர்க்கரைப் பாகில் கொதிக்க விடுகிறார்கள். அந்தக் கொதியில் கிருமிகள் செத்துவிடும். சிக்கல் அதற்கு அடுத்த வேலையில் இருக்கிறது. உருண்டைகளை ஆறவிட்டு, ஒவ்வொன்றாகக் கையால் பிழிந்து, ஆறிய பாலில் போடுகிறார்கள். வெந்து முடிந்த பண்டத்தின் மேல் கை படுகிறது. அதற்குப் பிறகு அது அடுப்பைப் பார்ப்பதே இல்லை.

ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா நம் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகவே குடியிருப்பது. விரலில் சின்னப் புண் இருந்தால் அங்கே இன்னும் அதிகம். ஆறிய பாலில் இறங்கியதும், நம்மூர் வெயிலில் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடிய வேகத்தில் பெருகும். பெருகும்போது ஒரு நஞ்சைக் கக்கும். சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி பிடுங்குவது இந்த நஞ்சால்தான். இதற்கு வாசனையும் கிடையாது, ருசியும் மாறாது. முகர்ந்து பார்த்து ‘நல்லாத்தானே இருக்கு’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. திரும்பச் சுடவைத்தாலும் பயனில்லை: பாக்டீரியா சாகும், நஞ்சு அப்படியே இருக்கும்.

அமெரிக்க வேளாண் துறை இந்த மாதிரி உணவுகளுக்குச் சொல்லும் வரம்பு, குளிருக்கு வெளியே மொத்தம் 2 மணி நேரம். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். சென்னையில் மார்ச் முதல் அக்டோபர் வரை பகல்வேளைக்கு இரண்டாவது கணக்குத்தான் பொருந்தும். ‘மொத்தம்’ என்பதைக் கவனிக்க வேண்டும். கடையிலிருந்து வீட்டுக்கு இருபது நிமிடம், மேசையில் இருபது நிமிடம், மறுநாள் மறுபடி வெளியே இருபது நிமிடம் என்றால் ஒரு மணி நேரம் தீர்ந்தது. நடுவில் ஃப்ரிட்ஜில் வைத்ததால் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பாது. பாசந்தி, ரபடி, பாதாம் பால், ஆறிய பால் பாயசம் எல்லாமே இந்த வரிசைதான்.

உதிரி இனிப்புகளின் தட்டில் ‘எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும்’ என்று எழுதி வைக்க வேண்டும் என்ற விதி 2020 அக்டோபரில் வந்தது. அப்போது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தந்த வழிகாட்டுதலில் கலாகந்துக்கு ஒரு நாள், ரசமலாய் வகையறாவுக்கு இரண்டு நாள், பேடா, பர்பி போன்ற கோவா இனிப்புகளுக்கு நான்கு நாள். ரசமலாயின் இரண்டு நாள் ஃப்ரிட்ஜுக்குள் இருந்தால்தான். கோவாவின் நான்கு நாளையும் கோடையில் நான் இரண்டாகவே எடுத்துக்கொள்வேன். எண்ணத் தொடங்க வேண்டியது வாங்கிய நாளிலிருந்து அல்ல, போட்ட நாளிலிருந்து. அந்தத் தேதி தட்டில் இருக்காமலும் போகலாம், “எப்பப் போட்டது?” என்று வாய்விட்டுக் கேட்டுவிடலாம்.

கோவாவைக் கெடுப்பது பெரும்பாலும் மூடிதான். சூடு ஆறுமுன் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் ஆவி மூடியில் முத்துமுத்தாகக் கோத்துக் கோவாவின் மேல் சொட்டும். கிண்டிக் கிண்டி வெளியேற்றிய தண்ணீர் திரும்பி வந்துவிடுகிறது. பூஞ்சை முதலில் பிடிப்பது அந்த இடத்தில்தான். வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு புள்ளி தெரிந்தால் அதை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்பது ஆகாது, வேர் உள்ளே ஓடியிருக்கும். புளித்த வாடை, நுனிநாக்கில் கசப்பு, ஓரத்தில் நீர் விடுவது என்றாலும் டப்பாவோடு போட்டுவிட வேண்டியதுதான். சுடச்சுடக் கிடைத்தால் காகிதத்தில் கட்டி வாங்கி, நன்றாக ஆறியபின் டப்பாவுக்கு மாற்றுங்கள். ஈரக் கரண்டி போடாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே சூடு 50 டிகிரியைத் தாண்டும், நெய் பிரிந்து வழியும்.

பந்தியில் ரசமலாய் போட்டே தீர வேண்டும் என்றால், பெரிய அண்டாவை வெளியே எடுக்காமல் ஐம்பது பேருக்கானதை மட்டும் ஐஸ் பரப்பிய தாம்பாளத்தில் வைத்துப் பரிமாறச் சொல்லுங்கள். அது தீர்ந்தபின் அடுத்தது வரட்டும், வேறு பாத்திரத்தில். பழைய பாலின் மேலேயே புதியதை ஊற்றினால் முதல் பாத்திரத்தின் கிருமிகள் அடுத்த பந்திக்கும் போய்ச் சேரும்.