எந்த முப்பது நாள்?

கோவை கணபதி, பீளமேடு பக்கம் பம்ப் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சின்னச் சின்ன லேத் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. கம்பெனி தரும் பர்ச்சேஸ் ஆர்டரின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘பேமெண்ட்: 30 நாள்’. ஏற்றுமதிக்காரர்கள் இதையே ‘நெட் 30’ என்பார்கள். விலையில் ஐம்பது பைசாவுக்கு அரை மணி நேரம் பேரம் பேசும் பட்டறைக்காரர்கள்கூட இந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா தலையாட்டிவிடுவார்கள்.

முப்பது நாள் சரி. எந்தத் தேதியிலிருந்து? அதை அந்த வரி சொல்வதில்லை. சொல்லாத இடத்தைக் கம்பெனியின் கணக்குப் பிரிவு தன் வசதிக்கு நிரப்பிக்கொள்ளும்.

ஒரு பட்டறையை வைத்துப் பார்ப்போம். மார்ச் 2-ஆம் தேதி பில் போட்டு சரக்கு அனுப்புகிறது. ஸ்டோரில் இறக்கி, தரம் பார்த்து, பில் புக் ஆக ஒரு வாரம். பட்டறைக்காரர் ஏப்ரல் 1-ஆம் தேதி பணத்தை எதிர்பார்த்து நிற்கிறார். கம்பெனியில் கடன் நாளை மாதக் கடைசியிலிருந்துதான் எண்ணுவார்கள். ஆகவே மார்ச் 31-லிருந்து முப்பது நாள், ஏப்ரல் 30. பணம் பட்டுவாடா மாதத்தில் இரண்டு முறை மட்டும், 7-ஆம் தேதியும் 22-ஆம் தேதியும். ஆக, பணம் வருவது மே 7. எண்ணிப் பார்த்தால் 66 நாள். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதுதான் வேடிக்கை. போன் போட்டுக் கேட்டால், “உங்க பில் டியூ ஆனதே ஏப்ரல் முப்பதுங்க” என்று பதில் வரும். அவர்கள் கணக்கில் அது சரிதான்.

இதைவிட மோசம் மாதக் கடைசிச் சரக்கு. மார்ச் 28-இல் போன பில், ஏப்ரல் 3-இல் புக் ஆனால், அதன் கணக்கு ஏப்ரல் 30-லிருந்துதான் ஓடும். மே 30 தாண்டி ஜூன் 7-இல் பணம், 71 நாள். அதே பில் மார்ச்சிலேயே புக் ஆகியிருந்தால் மே 7-இலேயே வந்திருக்கும். ஒரு வாரத் தாமதம் ஒரு மாதத்தைத் தின்றுவிடுகிறது.

இந்தப் பட்டறையின் மாத விற்பனை வரி நீங்கலாக 10 லட்சம் என்று வையுங்கள். முப்பது நாளில் பணம் வந்தால், வெளியே நிற்பது எப்போதும் 10 லட்சம். 66 நாள் என்றால் 22 லட்சம். கூடுதல் 12 லட்சத்தைப் பட்டறை வங்கி ஓ.டி.யில் சமாளிக்கிறது, வட்டி 12 சதவீதம் என்றால் மாதம் 12,000 ரூபாய். மாத லாபம் 80,000 என்றால் அதில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. லாப நட்டக் கணக்கில் பட்டறை நன்றாகவே நடக்கிறது. சனிக்கிழமை கூலி கொடுக்க மட்டும் கையில் பணம் இல்லை. போதாததற்கு, பில்லில் போட்ட ஜி.எஸ்.டி.யை, பார்ட்டி பணம் கொடுத்தாரோ இல்லையோ, அடுத்த மாதமே அரசுக்குக் கட்டியாக வேண்டும். ஆர்டர் இரட்டிப்பானால் வெளியே நிற்கும் தொகையும் இரட்டிப்பு. நல்ல ஆர்டர் வந்த வருடத்தில் பட்டறைகள் திணறுவது இதனால்தான்.

அதனால் அந்த ஒரு வரியை இப்படி எழுத வேண்டும்: ‘பில் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் முழுத் தொகையும் எங்கள் வங்கிக் கணக்கில் வரவாக வேண்டும்.’ தொடங்கும் நாள், முடியும் நாள், எது பணம் வந்ததாகும் என்ற மூன்றும் இதில் உண்டு. பில்லில் மட்டும் அச்சடித்தால் போதாது. ஆர்டரில் வேறு மாதிரி இருந்தால் கம்பெனி அதைத்தான் காட்டும். கொட்டேஷனிலேயே எழுதி, ஆர்டரிலும் அப்படியே வரவழைக்க வேண்டும். கம்பெனி தன் பட்டுவாடா நாளை மாற்றாது என்றால், குறைந்தபட்சம் அந்த நாளையாவது எழுதி வாங்குங்கள். அப்போது சரக்கை 28-இல் அனுப்புவதா, 20-இல் முடித்து அனுப்புவதா என்று நீங்களே திட்டமிடலாம்.

இனி சி.டி. எனப்படும் ரொக்கக் கழிவு. ‘2/10, நெட் 30’ என்றால் பத்து நாளுக்குள் கொடுத்தால் 2 சதவீதம் கழிவு, இல்லாவிட்டால் முப்பதாம் நாள் முழுத் தொகை. ஒரு லட்சம் பில்லுக்கு 98,000 ரூபாய் இருபது நாள் முன்னால் வருகிறது. அதற்கு விலை 2,000. வருட வட்டியாக மாற்றினால் 37 சதவீதம்! அதே 98,000-ஐ ஓ.டி.யில் இருபது நாள் எடுத்தால் வட்டி சுமார் 650 ரூபாய்தான். முப்பதாம் நாள் ஒழுங்காகப் பணம் தரும் பார்ட்டிக்கு 2 சதவீதம் கொடுப்பது தண்டம்.

நம் பட்டறையின் பார்ட்டியோ 66-ஆம் நாள் கொடுப்பவர். பத்தாம் நாள் வந்தால் மிச்சம் 56 நாள். கழிவை 1.5 சதவீதமாக வைத்தால், பட்டறை விட்டுக்கொடுப்பது 1,500. வரும் 98,500-க்கு 56 நாள் ஓ.டி. வட்டி 1,813 மிச்சம். பட்டறைக்கு லாபம். கம்பெனிக்கு? பெரிய கம்பெனிக்கு வங்கி 9 சதவீதத்தில் கடன் தருகிறது என்றால், அதே 56 நாளுக்கு அதன் செலவு 1,360. கழிவு 1,500. அதற்கும் லாபம். கம்பெனிக்கு மலிவாகக் கிடைக்கும் பணம் பட்டறைக்கு விலை அதிகம் என்பதால்தான் இந்த இடைவெளி உண்டாகிறது. இந்த எண்களுக்கு 1.4-லிருந்து 1.8 சதவீதம் வரை இருவருக்கும் கட்டுப்படியாகும். அதற்குக் கீழே கொடுத்தால் கம்பெனி சீண்டாது. மேலே போனால் ஓ.டி.யே மேல். ஆகவே கழிவை நிர்ணயிக்கும் முன் அந்த பார்ட்டியின் ஆறு மாத லெட்ஜரைப் புரட்டி, உண்மையில் எத்தனையாவது நாள் பணம் வந்தது என்று பாருங்கள். ஆர்டரில் எழுதியிருக்கும் நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

வழக்கமாகக் கெடுவது வேறு இடத்தில். கழிவைக் கழித்துக்கொண்டு இருபத்தெட்டாம் நாள் பணம் அனுப்புவார்கள். பில்லிலேயே கழித்துக் காட்டினால் இது நிச்சயம் நடக்கும். முழுத் தொகைக்கு பில் போட்டு, பத்தாம் நாளுக்குள் பணம் கணக்கில் ஏறியபின் கிரெடிட் நோட் தருவதே பாதுகாப்பு. பட்டுவாடா மாதம் இருமுறைதான் என்ற கம்பெனியிடம் ‘பத்து நாள்’ என்று எழுதிப் பயனில்லை. ‘பில் புக் ஆனபின் வரும் முதல் பட்டுவாடாவில்’ என்று எழுதினால் அவர்களால் செய்ய முடியும். நாள் சற்றுத் தள்ளுவதால் கழிவையும் அதற்கேற்பக் குறைக்கலாம்.

சட்டத்தின் துணையும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்கு, சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் கடன் கேட்டு ஒப்பந்தம் போட்டாலும் செல்லாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. தரக் குறையைப் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் சொல்லாவிட்டால் சரக்கை ஏற்றதாகவே அர்த்தம், ‘க்யூ.சி.யில் இருக்கு’ என்று வாய்மொழியாகச் சொல்லித் தள்ளிப்போட முடியாது. ஆனால் வட்டி கேட்டு மனுப் போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் நியாயமானதுதான். 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த வருமான வரி விதிதான் உண்மையில் வேலை செய்கிறது: இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கம்பெனி, கொடுக்கும் வருடம்வரை தன் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் கடைசியில் ஆடிட்டரே பாக்கிப் பட்டியலைக் கேட்பார். பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்து வைத்தால், அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் மேலே ஏறும்.