"சின்ன வயசிலிருந்தே என் கனவு": பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஏன் எடுபடுவதில்லை?

"சின்ன வயசிலிருந்தே இது என் கனவு."

பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு எழுதும் 'பர்சனல் ஸ்டேட்மெண்ட்' பல நேரம் இப்படித்தான் தொடங்குகிறது. அது பொய்யாக இருக்காது. ஆனால் பக்கத்து மேசை நண்பரும் அதையேதான் எழுதியிருப்பார்.

2007இல் பிரிட்டனின் விண்ணப்ப அமைப்பான யூகாஸ் 50,000 கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. 8 வயதில் வேதியியல் சோதனை செய்து பைஜாமாவில் ஓட்டை விழுந்த கதை 234 கட்டுரைகளில் இருந்ததாம்!

இப்போது யூகாஸ் ஒரே நீளக் கட்டுரையைக் கேட்பதில்லை. 2026 சேர்க்கையிலிருந்து 3 கேள்விகள். ஏன் இந்தப் பாடம்? படிப்பு உங்களை எப்படித் தயார்ப்படுத்தியது? வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது எப்படி உதவும்? மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளி உட்பட 4,000 எழுத்துகள்தான். கனவைப் பற்றிப் பேச அதில் இடம் குறைவு.

சரி, எப்படித் திருத்துவது?

ஒரு கற்பனை மாணவியை எடுத்துக்கொள்வோம். புள்ளியியல் படிக்க விரும்புகிறார். வாரயிறுதியில் லிட்டில் இந்தியாவில் பெரியப்பாவின் பூக்கடையில் உதவுகிறார். அவருடைய முதல் வரைவு:

"எண்கள் மீது எனக்குத் தீராத ஆர்வம். தரவு உலகை மாற்றும் என நம்புகிறேன்."

நண்பரின் பெயரைப் போட்டாலும் இந்த வரிகள் பொருந்தும். அப்படியென்றால் அடித்துவிடலாம். "ஆர்வம்னு சொல்றியே, அதனால என்ன செஞ்சே?" என்று அக்கா கேட்டபோதுதான் பூக்கடை நினைவுக்கு வந்தது. அதுவரை அதை எழுதவே கூச்சப்பட்டார். நம்மில் பலருக்கும் இந்தக் கூச்சம் உண்டு. இரண்டாம் வரைவு:

"விற்காத மல்லிகையைத் தினமும் குப்பையில் போட்டோம். 6 வாரம் விற்பனையைக் குறித்துவைத்து, வெள்ளிக்கிழமைக்கு எவ்வளவு வாங்கலாம் என்று சராசரியை வைத்துக் கணித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பௌர்ணமியும் சேர்ந்து வந்தது. மாலை 6 மணிக்கே பூ தீர்ந்துவிட்டது. சராசரி மறைத்த விஷயத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் படிக்க விரும்புகிறேன்."

ஆர்வம் என்ற சொல்லே இதில் இல்லை. கணிப்பு தவறியதை மறைக்காததால்தான் ஏன் புள்ளியியல் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது.

இங்கே ஓர் ஆபத்தும் இருக்கிறது. "கடையின் வீணாக்கத்தைப் பாதியாகக் குறைத்தேன்" என்று சேர்க்கத் தோன்றும். குறிப்பேட்டில் அந்தக் கணக்கு இல்லையென்றால் சேர்க்க வேண்டாம். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் சில படிப்புகளுக்கு நேர்காணல் உண்டு. "எப்படி அளந்தீர்கள்?" என்பது அங்கே இயல்பாக வரக்கூடிய கேள்வி.