கொள்முதல் கணக்கு – 7: பில்லைத் திருத்தக் கேட்கும் கடிதம்

சப்ளையர் அனுப்பிய பில்லில் தப்பு இருந்தால் பெரும்பாலும் ஒரு போன் போடுவார்கள். "அடுத்த பில்லில் சரிக்கட்டிடறோம் சார்" என்று பதில் வரும். விவகாரம் அதோடு முடிவதில்லை. ஓர் உதாரணம் பார்ப்போம். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்குப் பெங்களூரிலும் கிளை, அதற்குத் தனி ஜிஎஸ்டி பதிவு. திருப்பூர் அலுவலகம் கோவை சப்ளையரிடம் கிலோ 160 ரூபாய்க்கு 500 கிலோ பாலி கவர் ஆர்டர் செய்கிறது. வந்து இறங்கியது 460 கிலோ. பில்லோ 500 கிலோவுக்கு. அதுவும் 33-ல் தொடங்கும் தமிழ்நாட்டு எண்ணை விட்டு, 29-ல் தொடங்கும் கர்நாடக எண்ணில், 18 சதவீத ஐஜிஎஸ்டி 14,400 ரூபாயோடு.

குறைந்த 40 கிலோவுக்குப் பணத்தைப் பிடித்துக்கொண்டால் போயிற்று, இல்லாவிட்டால் நாமே டெபிட் நோட் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். கொடுக்கல் வாங்கல் அதில் நேராகிவிடும், வரி நேராகாது. பில்லில் ஏறிய வரியைக் குறைக்க ஜிஎஸ்டி சட்டத்தின் 34-வது பிரிவு கேட்பது சப்ளையர் தரும் கிரெடிட் நோட்டை; வாங்குபவரின் டெபிட் நோட்டை அல்ல. இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. சரக்கு திருப்பூரில் கிடக்கிறது, பில் பெங்களூரின் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் தெரிகிறது. சரக்கு வராததால் பெங்களூர் உள்ளீட்டு வரியை எடுக்க முடியாது. 2பி-யில் பில் இல்லாததால் திருப்பூரும் எடுக்க முடியாது.

ஆகவே எழுத்தில் கேட்க வேண்டும், ஆர்டரைக் காட்டிக் கேட்க வேண்டும். ஆர்டர் வரி ஆவணமே இல்லையே என்று சப்ளையரின் கணக்காளர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஒருவர் சொல்லி இன்னொரு இடத்தில் சரக்கு இறங்கினால், வரி எந்த மாநிலக் கணக்கில் வரும் என்பது யார் வாங்கியது என்பதைப் பொறுத்தது. ஆர்டரில் 33 எண் இருந்தால் வாங்கியது திருப்பூர் என்பதற்கு அதுவே ஆதாரம். ஒரு வரம்பும் உண்டு: ஆர்டர் கேட்ட அளவைத்தான் சொல்லும், வந்த அளவைச் சொல்லாது. அதற்கு டிரைவர் கையெழுத்திட்ட சரக்கு வரவுச் சீட்டும் எடைச் சீட்டும் வேண்டும். ஆர்டரிலேயே நாம் தப்பான எண்ணைக் கொடுத்திருந்தால், முதலில் திருத்திய ஆர்டரை அனுப்பிவிட்டுத்தான் பில்லைப் பற்றிப் பேச முடியும்.

கடிதம் நீள வேண்டாம். "எங்கள் ஆர்டர் எண், தேதி இது, அதில் வாங்குபவர் எண் 33-ல் தொடங்குகிறது, உங்கள் பில்லில் 29. வரவுச் சீட்டுப்படி வந்தது 460 கிலோ, பில்லில் 500. இந்தப் பில்லுக்கு முழுக் கிரெடிட் நோட்டும், 460 கிலோவுக்குப் புதுப் பில்லும் தரவும்: மதிப்பு 73,600, சிஜிஎஸ்டி 6,624, எஸ்ஜிஎஸ்டி 6,624." 'சரிசெய்யவும்' என்று மட்டும் எழுதினால், அளவை மட்டும் குறைத்து, கர்நாடக எண்ணை அப்படியே விட்டு ஒரு கிரெடிட் நோட் வந்து சேரும். இ-இன்வாய்ஸாக இருந்தால் 24 மணி நேரத்துக்குள் அதையே ரத்து செய்து, வேறு எண்ணில் புதிதாகப் போடலாம். அதைத் தாண்டினால் கிரெடிட் நோட்தான் வழி. அதைக் கணக்கில் காட்ட, நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது சப்ளையர் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாள், இதில் எது முந்தியதோ அதுவே கெடு.